மூன்றரை மணிக்குப் பிறகு எழுதும் பேரேடு

திருவொற்றியூர் 2011 ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது; மெட்ரோ ரயிலும் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவில் பாரிமுனைக்குக் கிளம்புகிறவர்கள் இன்னும் "மெட்ராஸ் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு சிற்றூரின் நிதானம் இன்னும் இங்கே மிச்சமிருக்கிறது. நான் 34 ஆண்டுகள் அப்படி மெட்ராஸ் போய், செகண்ட் லைன் பீச்சில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கணக்கு எழுத்தராக இருந்து, 2022 மே மாதம் ஓய்வு பெற்றேன். வந்த பணத்தில் பெரும்பகுதியை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். இரண்டு லட்சம் ரூபாயை மட்டும் பங்குச் சந்தைக்கென்று ஒதுக்கினேன். போனாலும் வீட்டுச் செலவு நிற்காது என்ற கணக்கில் ஒதுக்கிய தொகை அது. மனைவி அதற்கு ஒப்புக்கொண்டாளே தவிர, மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன்.

என் அக்கா மகன், அதாவது மருமகன்தான், பங்குகளை வைத்திருக்கும் டிமேட் கணக்கு திறந்து கொடுத்து, ஐந்து நிமிட சார்ட்டைப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தான். காலை 9.15 க்குச் சந்தை திறந்ததும் வாங்கி, மாலை 3.30 க்குள் விற்றுவிடும் இன்ட்ராடே வியாபாரம் அது. ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை செய்தேன். டிசம்பரில் ஒரு நாள், பழைய பழக்கத்தில், தரகு நிறுவனம் அனுப்பியிருந்த வியாபாரக் கணக்குச் சீட்டுகளை, காண்ட்ராக்ட் நோட்டுகளையெல்லாம் அச்செடுத்து ஒரு நீளத் தாளில் வரிசையாக ஏற்றிக் கூட்டிப் பார்த்தேன். 64 வியாபாரங்களில் மொத்த நஷ்டம் 31,200 ரூபாய். அதில் தரகு, வரி, சந்தைக் கட்டணம் என்று போனது மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டதாகச் சொன்னார்கள். அந்த எழுவரில் நானும் ஒருவன் என்பது எனக்கு ஒன்றரை ஆண்டு முன்பே தெரிந்திருந்தது.

அந்தத் தாளில் நஷ்டத்தைவிட வேறொன்றுதான் என்னை உறுத்தியது. 64 இல் 41 வியாபாரங்களை நான் காலை பத்து மணிக்குள் தொடங்கியிருந்தேன். அதாவது அன்றைய சந்தை எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குமே பிடிபடாத நேரத்தில் நான் முடிவு செய்திருந்தேன். வாங்கிய காரணத்தை எழுத ஒரு பத்தி ஒதுக்கி நினைவிலிருந்து நிரப்பப் பார்த்தபோது, பாதிக்கு மேல் எழுத ஒன்றுமே இல்லை. பச்சையாக ஏறியது, வாங்கினேன். சிவப்பாக இறங்கியது, விற்றேன். 34 ஆண்டுகள் காரணம் எழுதாமல் ஒரு வவுச்சரைக்கூடக் கையெழுத்துக்கு அனுப்பாத மனிதன் செய்த வேலை இது.

2023 ஜனவரியில் கைப்பேசியிலிருந்த ஐந்து நிமிட சார்ட்டை மூடிவிட்டு, காலாடிப்பேட்டையில் ஒரு நீளக் கணக்கேடும் கிராஃப் தாளும் வாங்கினேன். எட்டுப் பங்குகள், ஒவ்வொன்றுக்கும் ஏட்டில் தனிப் பக்கம். ஒரு நாளுக்கு ஒரே வரி. தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, கடைசியாக 20 நாள் சராசரி. அதையே கிராஃப் தாளில் ஒரு செங்குத்துக் கோடாக இழுப்பேன். கோட்டின் நுனிகள் அன்றைய உச்சமும் தாழ்வும். இடப்பக்கச் சிறு குறி தொடக்கம், வலப்பக்கக் குறி முடிவு. எட்டுப் பங்குகளுக்கும் சேர்த்து நாற்பது நிமிடம் ஆகும்.

மருமகன் சிரித்தான். "மாமா, இதெல்லாம் ஒரே நொடியில திரையில வரும். பத்து வருஷத்துக்கு இறக்கித் தரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அப்போது பிடிவாதத்தில் சொன்னதுதான். ஆனால் அதனால் ஒரு நன்மை விளைந்தது. 20 நாள் சராசரி வேண்டுமானால் 20 நாள்களின் முடிவு விலை வேண்டும். சந்தை வாரத்துக்கு ஐந்து நாள்தான் நடக்கும், நடுவில் விடுமுறையும் வரும். ஆகவே முதல் ஒரு மாதம் என் ஏட்டில் அந்தப் பத்தி வெறுமையாகவே கிடந்தது. வெறும் பத்தியை வைத்துக்கொண்டு எதையும் வாங்க முடியாது. பொறுமை என்பதை நான் மனதைக் கட்டுப்படுத்திக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய்யாகும். கணக்கு முடியவில்லை, அதனால் காத்திருந்தேன்.

சராசரி போடும் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எழுத்தர்கள் மட்டுமே மதிக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. தினமும் 20 விலைகளையும் கூட்ட வேண்டியதில்லை. நேற்றைய கூட்டுத்தொகை 8,640 என்றால் சராசரி 432. இன்றைய முடிவு விலை 441 ஐச் சேர்த்து, பட்டியலின் மேல்முனையிலிருந்து விழும் பழைய விலை 421 ஐக் கழித்தால் 8,660 வரும். இருபதால் வகுத்தால் 433. ஒரு கூட்டல், ஒரு கழித்தல், அவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் பத்து ரூபாய் தவறாகக் கூட்டிவிட்டால், அந்தப் பிழை அந்த நாளோடு போகாது. கூட்டுத்தொகையில் தங்கி, எத்தனை மாதமானாலும் கூடவே வரும். பார்த்தால் தெரியாது, சராசரி கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவே. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் 20 விலைகளையும் மேலிருந்து கீழாகப் புதிதாகக் கூட்டிச் சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முடிவு விலையிலும் முதலில் ஒரு குழப்பம் வந்தது. 3.30 மணிக்குத் திரையில் கண்ட விலையை நான் எழுதுவேன்; மறுநாள் செய்தித்தாளில் ஓரிரு ரூபாய் மாறியிருக்கும். தேடிப் பார்த்தபோது விளங்கியது. 3.30 க்குத் திரையில் தெரிவது கடைசியாக நடந்த ஒரே ஒரு வியாபாரத்தின் விலை. தேசியப் பங்குச் சந்தை நான் ஏடு எழுதிய அந்தக் காலத்தில் முடிவு விலையாக அறிவித்ததோ, கடைசி அரை மணி நேரத்தில் நடந்த எல்லா வியாபாரங்களின் விலையையும் அளவையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. இதைப் படித்த பிறகு நான்கு மணிக்கு முன்னால் பேனாவைத் தொடுவதில்லை. அதோடு அந்த எண்ணின் மீது எனக்கு ஒரு மதிப்பும் வந்தது. பகலில் உச்சத்துக்குப் போன விலையில் ஐம்பது பங்கு கைமாறியிருக்கலாம். முடிவு விலையிலோ அரை மணி நேரத்து வியாபாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதனால் என் விதிகள் எல்லாவற்றையும் அந்த ஒரு பத்தியின் மேல் கட்டினேன். வாங்குவது, விற்பது எதுவானாலும் முடிவு விலை ஏட்டில் ஏறிய பிறகுதான் தீர்மானம். மறுநாள் காலையில்தான் செயல்.

முதல் சோதனை, நீரேற்றும் பம்பு செய்யும் ஒரு நிறுவனத்தின் பங்கில் வந்தது. மார்ச் தொடக்கத்திலிருந்து அதன் முடிவு விலை 412 க்குக் கீழும் போகவில்லை, 448 க்கு மேலும் போகவில்லை. கிராஃப் தாளில் பென்சிலால் இரண்டு கிடைக்கோடுகள் போட்டு வைத்தேன். 448 க்கு மேல் முடிந்தால் வாங்குவது என்று ஓரத்தில் எழுதினேன். ஐந்தாவது வாரம் ஒரு புதன்கிழமை, நண்பகலில் விலை 456 தொட்டது. மருமகன் தொலைபேசியில் துடித்தான். "மாமா, உடைச்சிருச்சு, இப்ப வாங்கலன்னா போயிரும்!" நான் மோர் குடித்துக்கொண்டு கோயில் குளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கை பரபரத்தது உண்மை. நான்கு மணிக்கு ஏட்டில் ஏற்றியபோது முடிவு விலை 441. அன்றைய கோடு மேலே நீண்டு, வலப்பக்கக் குறி மட்டும் பாதி உயரத்தில் உட்கார்ந்திருந்தது. கைமாறிய அளவும் வழக்கமான நாள் போலத்தான். மேலே போன விலைக்கு வாங்க ஆள் இல்லை, விற்கத்தான் ஆள் இருந்தது என்பதை அந்த ஒரு கோடு எனக்குக் காட்டியது.

அந்தச் சமயத்தில்தான் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறவர். திண்ணையில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவரிடம், நானும் உங்களைப் போலத்தான் காத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்களுக்கு கவர்மெண்ட் தடை போடுது, நிவாரணமும் குடுக்குது. உங்களுக்கு யாரு குடுப்பா?" என்றார். அதற்குப் பிறகு அந்த ஒப்பீட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரல் கடைசியில் முடிவு விலை 453. கைமாறிய அளவு, முந்தைய 20 நாள் சராசரியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மறுநாள் காலை 455 க்கு வாங்கினேன். எத்தனை பங்கு என்பதை ஆசை தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒரு வியாபாரத்தில் நான் இழக்கத் தயாராக இருப்பது இரண்டு லட்சத்தில் ஒரு சதவீதம், அதாவது 2,000 ரூபாய். முந்தைய வாரத்தில் விலை இறங்கி நின்று திரும்பிய இடம் 435 ஐ ஒட்டி இருந்தது. முடிவு விலை அதற்குக் கீழே போனால் என் எண்ணம் தவறு என்று பொருள். 455 க்கும் 435 க்கும் இடையே 20 ரூபாய். 2,000 ஐ 20 ஆல் வகுத்தால் 100 பங்கு. 45,500 ரூபாய் போட்டேன். இன்ட்ராடே நாள்களில் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கும் வாங்கியவன் நான்.

பிறகு வந்த மூன்று வாரங்கள்தான் சிரமமானவை. 461 போனது, 457 ஆனது, பிறகு 450, 446, 441. பதினொரு வர்த்தக நாள்கள் நான் வாங்கிய விலைக்குக் கீழேயே ஏட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பகலில் 432 வரை இறங்கி, 440 இல் முடிந்தது. விலை 435 ஐத் தொட்டதுமே தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் ஆணையைச் சந்தைக்குள் போட்டு வைத்திருந்தால் அன்றே நஷ்டத்தோடு வெளியே தள்ளப்பட்டிருப்பேன். முடிவு விலை என்ற விதிதான் என்னை உள்ளே வைத்தது. (இதே விதி என்னைப் பின்னால் எப்படி அடித்தது என்பதையும் சொல்கிறேன்.) அந்த நாள்களில் ஏட்டின் குறிப்புப் பத்தியில் "விதி மீறவில்லை" என்று தினமும் எழுதினேன். வேறு எழுத எதுவும் இல்லை.

மே கடைசியில் விலை நகரத் தொடங்கியது. 490 தாண்டியபோது விற்றுவிடலாம் என்று மனம் கெஞ்சியது. மூவாயிரத்து ஐந்நூறு லாபம் ஒரு மாத மளிகைக்கு ஆகும். ஆனால் லாபத்தில் நிற்கும் பங்கை விற்பதற்கு நான் வைத்திருந்த விதி வேறு: முடிவு விலை 20 நாள் சராசரிக்குக் கீழே போக வேண்டும். சராசரி மெதுவாக ஏறி வரும் கோடு. அது விலையை எட்டிப் பிடிக்கும் வரை விடுவது என்பதுதான் இதன் உள்ளர்த்தம். விலை 538 வரை போய், ஜூலையில் ஒரு நாள் 519 இல் முடிந்தது. அன்றைய சராசரி 522. மறுநாள் 521 க்கு விற்றேன். 6,600 ரூபாய் லாபம். அன்றே விற்காமல் வாங்கி வைத்திருக்கும் டெலிவரி வியாபாரத்துக்கு என் தரகு நிறுவனத்தில் தரகு கிடையாது என்பதால் பங்குப் பரிவர்த்தனை வரி, முத்திரைக் கட்டணம், டிமேட் கட்டணம் எல்லாம் சேர்ந்து சுமார் 125 தான். 538 இல் விற்றிருந்தால் இன்னும் 1,700 கிடைத்திருக்கும். ஆனால் 538 தான் உச்சம் என்று அன்று ஏட்டில் எழுதியிருக்கவில்லை. உச்சம் என்பது இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

செப்டம்பரில் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய நிகழ்ச்சி, உண்மையில் ஒரு நிகழ்ச்சியே இல்லை. கையில் வைத்திருந்த இன்னொரு பங்கு வியாழக்கிழமை 604 இல் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பார்த்தால் 301. என் கிராஃப் தாளில் அவ்வளவு கீழே இடமே இல்லை. முந்தைய நாள் சராசரி 590 சொச்சத்தில் நிற்க, விலை பாதாளத்தில் கிடந்தது. விதிப்படி திங்கள் காலை விற்க வேண்டும். கைப்பேசியும் ஐம்பது சதவீத நஷ்டம் என்று சிவப்பாகக் காட்டியது. மனைவியிடம் சொல்லாமல் இரவு பதினொரு மணிக்கு மருமகனை அழைத்தேன்.

"மாமா, பயப்படாதீங்க. ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் குடுத்திருக்காங்க. இன்னைக்குத்தான் எக்ஸ்-டேட்" என்றான்.

ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசமாகக் கிடைக்கிறது; ஆகவே எக்ஸ்-டேட் என்கிற அந்த நாளிலிருந்து விலை பாதியாகிறது; சொத்து மாறுவதில்லை. ஆனால் புதிய பங்கு கணக்கில் வந்து சேர அப்போது சில நாள்கள் ஆயின. அதுவரை பாதி விலையும் பழைய எண்ணிக்கையும் சேர்ந்து பெரும் நஷ்டம் போலத் தோன்றும். திரையில் வரும் சார்ட்டுகள் பழைய விலைகளையும் தாமாகவே பாதியாக்கிவிடும், அதனால் அங்கே இந்தப் பள்ளம் தெரியாது. என் கையெழுத்து ஏடு அப்படித் திருத்திக்கொள்ளாது. மறுநாள் சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அந்தப் பக்கத்தின் பழைய விலைகள் எல்லாவற்றையும் சிவப்பு மையால் பாதியாக்கி, சராசரியையும் வெளியேற வைத்திருந்த எல்லை விலையையும் திருத்தி எழுதினேன். அன்றிலிருந்து, விலை திடீரென்று பாதியோ ஐந்தில் ஒன்றோ ஆனால், முதலில் சந்தையின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் போனஸ், முகமதிப்புப் பிரிப்பு அறிவிப்புகளைப் பார்ப்பேன். உண்மையான வீழ்ச்சி இப்படிச் சரியாகப் பாதியில் வந்து நிற்பது அரிது. கைமாறும் அளவும் வெறித்தனமாக எகிறும். அன்று அளவு சாதாரணமாகத்தான் இருந்தது. பதற்றத்தில் அந்தப் பத்தியை நான் பார்க்கவே இல்லை.

அந்த விதி என்னை அடித்த கதை 2024 பிப்ரவரியில் நடந்தது. 268 க்கு வாங்கிய பங்கு. 254 க்குக் கீழே முடிந்தால் வெளியேறுவது. இடைவெளி 14, எண்ணிக்கை 140. கணக்குப்படி அதிகபட்ச நஷ்டம் 1,960. சந்தை முடிந்த பிறகு மாலையில் அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்தது. மறுநாள் காலை 233 இல் திறந்தது. 254 என்ற விலையே அன்று சந்தையில் இல்லை. நேற்றைய தாழ்வுக்கும் இன்றைய உச்சத்துக்கும் நடுவே கிராஃப் தாளில் வெறும் வெள்ளை. விதிப்படி முடிவு விலைக்குக் காத்திருந்தேன். 229 இல் முடிந்தது. அடுத்த காலை 231 க்கு விற்றேன். 37 ரூபாய் வீதம் 140 பங்குக்கு நஷ்டம் 5,180.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்க எனக்குச் சில நாள்கள் ஆயின. விலை இடைவெளி விட்டுத் திறந்தால் எந்த ஸ்டாப் லாஸும் காப்பாற்றாது. சந்தைக்குள் ஆணை போட்டிருந்தாலும் 233 ஐ ஒட்டித்தான் விற்றிருக்கும். அது இந்தத் தொழிலின் எல்லை. ஆனால் முடிவு அறிவிக்கும் இயக்குநர் குழுக் கூட்டத்தின் தேதியை நிறுவனங்கள் சந்தைக்கு முன்கூட்டியே தெரிவிக்கின்றன. அதைப் பார்க்காதது என் தவறு. இப்போது ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அந்தத் தேதியைப் பென்சிலால் எழுதி வைக்கிறேன். தேதி நெருங்கும்போது லாபம் சேராமல் நிற்கும் பங்கில் பாதியை விற்றுவிடுவேன். இது சரியான அளவா என்று கேட்டால், இரவில் தூக்கம் வரும் அளவு என்றுதான் சொல்வேன்.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள், வேறு மாதிரி. முந்தைய நாள் 23,263 இல் முடிந்திருந்த நிஃப்டி, அதாவது ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீட்டு எண், அன்று 21,884 இல் முடிந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ ஆறு சதவீதம். பகலில் மருமகன் மூன்று முறை அழைத்தான், நான் எடுக்கவில்லை. கையில் இரண்டு பங்குகள் இருந்தன. ஒன்று நான் வைத்த எல்லைக்கு மேலேயே முடிந்தது. இன்னொன்று, 180 க்கு வாங்கி 168 என்று எல்லை வைத்தது, 163 இல் முடிந்தது. மறுநாள் காலை 165 க்கு அதை விற்றேன். 160 பங்குகளில் 2,400 ரூபாய் நஷ்டம். அதே வாரம் வெள்ளிக்கிழமைக்குள் நிஃப்டி 23,290 ஆகிவிட்டது. நான் விற்ற பங்கு அடுத்த வாரம் 184. விதியைக் காப்பாற்றியதற்காகவே நஷ்டப்பட்ட வியாபாரம் இது. அன்று விதியை மீறியிருந்தால் லாபம்; ஆனால் பிப்ரவரியில் விற்ற அந்தப் பங்கு மூன்று மாதம் கழித்தும் இருநூறைத் தாண்டவில்லை. எந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்பதை அன்று மாலை நான்கு மணிக்கு ஏடு எனக்குச் சொல்லவில்லை. இந்த ஒன்றில் எனக்கு இன்னமும் மனச்சமாதானம் ஆகவில்லை.

2024 டிசம்பர் 31 அன்று கணக்கை முடித்தேன். இரண்டு ஆண்டில் 23 வியாபாரங்கள். பதினான்கில் நஷ்டம், மொத்தம் 26,600. ஒன்பதில் லாபம், மொத்தம் 65,000. கட்டணங்கள் கழித்து, வருமான வரிக்கு முன்னால், மீதி 38,400. மனைவியிடம் தாளை நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏங்க, இதைப் போஸ்ட் ஆபீஸ்ல போட்டிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?" என்று கேட்டாள். நான் ஏடு தொடங்கிய ஜனவரியில் மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு 8 சதவீதம். இரண்டு ஆண்டுக்கு 32,000. என் உழைப்புக்கு ஆண்டுக்கு 3,200 ரூபாய் கூலி. அவள் கேட்காத இன்னொரு கேள்வியையும் நானே போட்டுப் பார்த்தேன். நிஃப்டி 2022 கடைசி நாளில் 18,105. 2024 கடைசி நாளில் 23,644. ஏறத்தாழ 30 சதவீதம். இரண்டு லட்சத்தை, நிஃப்டியை அப்படியே பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு இரண்டு ஆண்டு தூங்கியிருந்தால் அறுபதாயிரத்தை ஒட்டி வந்திருக்கும்.

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த அனுபவத்தை எழுதுவதே ஏமாற்று வேலையாகிவிடும். தினசரி ஏடு என்னை 31,200 ரூபாய் நஷ்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. நான்கு மாதத்தில் 64 முறை பாய்ந்தவனை இரண்டு ஆண்டில் 23 முறையாக்கியது. சந்தையை வெல்லும் வழியை அது தரவில்லை. அதனால் 2025 ஜனவரியில் ஒன்றரை லட்சத்தை இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றினேன். ஏட்டுக்கு 50,000 மட்டும் வைத்தேன். ஒரு சதவீதம் என்றால் இப்போது 500 ரூபாய். பம்பு நிறுவனப் பங்கு போன்ற ஒன்றில் 25 பங்குதான் வாங்க முடியும். லாபம் வந்தால் ஒரு வாரக் காய்கறி, நஷ்டம் வந்தால் மெட்ரோவில் சில முறை மெட்ராஸ் போய்வரும் செலவு.

அந்த ஆண்டுத் தொடக்கம் முழுவதும் சந்தை இறங்குமுகமாகவே இருந்தது. ஒரு பங்கும் நான் போட்ட கோட்டுக்கு மேல் முடியவில்லை. பதினோரு வாரம் எதுவும் வாங்கவில்லை. குறிப்புப் பத்தியில் "ஒன்றுமில்லை" என்று தினமும் எழுதிக்கொண்டிருந்தேன். மருமகனும் இப்போது பகலில் அழைப்பதில்லை, நான்கரை மணிக்கு மேல் அழைத்து, "மாமா, ஏட்டுல என்ன?" என்று கேட்கிறான்.

இந்த வாரமும் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டலில் மட்டும் இரண்டு ரூபாய் உதைத்தது. தேடியதில், புதன்கிழமை 417 என்பதை 419 என்று ஏற்றியிருந்தேன். சிவப்பு மையால் அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டேன்.